புகைமூட்டமும் திட்டவிலக்கமும்



கணிதப் பாடத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி நெடுநாளாகிவிட்டது. எழுதத் தூண்டியவர் ஒரு தாயார். நான் கூறிய ஒரு சராசரியை அவர் ஒரே கேள்வியால் உடைத்துவிட்டார்.

எங்கள் பள்ளியின் அறிவியல் கழகத்தில் காற்றின் நுண்துகளை அளக்கும் சிறு கருவி ஒன்று இருக்கிறது. உள்ளங்கை அளவுதான். அது பி.எம். 2.5 எனப்படும் துகளை அளக்கிறது. இரண்டரை மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான குறுக்களவு கொண்ட இத்துகள்கள் தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இரா. மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை. கருவி நிமிடத்திற்கு ஓர் அளவீடு எடுத்து, நாள் முடிவில் 24 மணி நேரச் சராசரியைத் தருகிறது. அந்த எண்ணை ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வெண்பலகையில் எழுதி வைப்பார்கள்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் புகைமூட்டம் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் கடைசி வாரங்களில் சுமத்திராவிலும் கலிமந்தானிலும் கரிநிலக் காடுகள் எரியும்போது இங்கே வானம் வெளுத்துப் போவது நமக்குப் புதிதன்று. 2013 ஜூன் 23 அன்று மூவாரில் குறியீடு 746ஐத் தொட்டு அவசரநிலை அறிவிக்கப்பட்டதை மூத்த ஆசிரியர்கள் இன்றும் பேசுவார்கள். எங்கள் ஊரில் நிலைமை அவ்வளவு மோசமாகவில்லை. பத்து நாள் அளவீடுகள் இவை. கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் எனப் படிக்கவும்.

15, 16, 18, 14, 17, 20, 24, 60, 96, 20

கூட்டினால் 300. பத்தால் வகுத்தால் 30. நம் நாட்டின் 24 மணி நேர வரையறை 35. "சராசரி 30தான், வரையறைக்குள் இருக்கிறது" என்று பெற்றோர் சந்திப்பில் நான் நம்பிக்கையோடு கூறினேன். அப்போது ஆஸ்துமா உள்ள ஒரு மாணவனின் தாயார் எழுந்தார்.

"சார், அந்த முப்பதை என் மகன் எந்த நாளு சுவாசிச்சான்?"

பலகையைப் பார்த்தேன். பத்து எண்களில் 30 இல்லை. அதற்கு அருகில்கூட ஒன்றும் இல்லை. எட்டு நாள் 24ஐத் தாண்டவில்லை; இரண்டு நாள் 60ம் 96ம். அவர் மகன் மூச்சுத் திணறலோடு மருந்தகத்திற்குச் சென்றது அந்த 96 அன்றுதான்.

நான் செய்த பிழை இரண்டு. முதலாவது, 35 என்பது ஒவ்வொரு நாளுக்கும் உரிய வரையறை. பத்து நாளையும் கலந்து ஓர் எண்ணாக்கி அதனோடு ஒப்பிட்டால், நல்ல நாள்கள் கெட்ட நாள்களை மறைத்துவிடும். ஆண்டுச் சராசரிக்கு வேறு வரையறை உண்டு, அது 15. எந்தக் கால அளவிற்கு வரையறை விதிக்கப்பட்டதோ அதே கால அளவின் சராசரியைத்தான் அதனருகே வைக்கவேண்டும். இரண்டாவது பிழை, சராசரியை மட்டும் கூறி, எண்கள் அதைச் சுற்றி எவ்வளவு சிதறியிருந்தன என்பதைக் கூறாமல் விட்டது. சிதறலைக் கூறும் எண்ணைத்தான் திட்டவிலக்கம் என்கிறோம். அதை முதலில் அமைதியான நாள்களில் பார்ப்போம்.

அதே ஆண்டு ஏப்ரலில் எடுத்த பத்து நாள் அளவீடுகள்:

18, 22, 20, 25, 17, 21, 19, 23, 16, 19

கூட்டுத்தொகை 200, சராசரி 20. இனி ஒவ்வொரு நாளும் 20இலிருந்து எவ்வளவு விலகியது என்று எழுதுவோம். முதல் நாள் −2, அடுத்த நாள் +2, பிறகு 0, +5, −3, +1, −1, +3, −4, −1. இந்த விலகல்களை அப்படியே கூட்டிச் சராசரி எடுக்கலாமே என்று ஒரு மாணவி கேட்டாள். செய்து பார்க்கச் சொன்னேன். பூச்சியம் வந்தது. எந்தப் பத்து எண்ணை எடுத்தாலும் பூச்சியம்தான் வரும். மேலே உள்ளவையும் கீழே உள்ளவையும் ஒன்றையொன்று சமன் செய்யும் இடத்திற்குத்தானே சராசரி என்று பெயர். ஆகவே, குறி மறைய ஒவ்வொரு விலகலையும் அதனாலேயே பெருக்குகிறோம்: 4, 4, 0, 25, 9, 1, 1, 9, 16, 1. கூட்டினால் 70.

இப்போது 10ஆல் வகுக்காமல் 9ஆல் வகுக்கிறோம். ஆசிரியர்களே இவ்விடத்தில் தடுமாறுவதுண்டு. விலகல்களின் கூட்டுத்தொகை எப்போதும் பூச்சியம் என்பதால், ஒன்பது விலகல்கள் தெரிந்துவிட்டால் பத்தாவது தானாகவே தெரிந்துவிடும். உண்மையில் சுதந்திரமாக இருப்பவை ஒன்பதுதான். மேலும், இந்தப் பத்து நாள் ஏப்ரல் மாதக் காற்றின் ஒரு மாதிரி மட்டுமே. மாதிரியின் சராசரியிலிருந்து அளந்த சிதறல் உண்மைச் சிதறலைவிடச் சற்றுச் சிறிதாகவே தோன்றும். 9ஆல் வகுப்பது அதைச் சரிசெய்கிறது. 70ஐ 9ஆல் வகுத்தால் ஏறத்தாழ 7.8. அதன் வர்க்கமூலம் 2.8. அதுவே திட்டவிலக்கம். வர்க்கமூலம் எடுத்ததால் அது மீண்டும் மைக்ரோகிராம் கணக்கிலேயே வந்துவிட்டது. "ஏப்ரலில் ஒரு சாதாரண நாள், 20க்கு மேலோ கீழோ மூன்று மைக்ரோகிராம் அளவு விலகும்" என்று சாதாரணத் தமிழில் அதைக் கூறலாம்.

கணினியில் செய்வோருக்கு:

```
=AVERAGE(B2:B11)
=STDEV.S(B2:B11)
```

இறுதியில் `S` உள்ளது 9ஆல் வகுப்பது. `STDEV.P` என்பது 10ஆல் வகுப்பது. இரண்டையும் கலந்து எழுதினால் இரண்டு ஆசிரியர்களின் விடைகள் ஒத்துப்போகா. எங்கள் ஆசிரியர் அறையில் இதனால் ஒரு மதிய வேளை வீணானது.

இனி மணி வடிவ வளைகோடு. அதை வரைந்து காட்டுவதைவிடக் கட்டிக் காட்டுவது நல்லது. ஒரு சனிக்கிழமை காலை, பூட்டிய நூலகத்தில் கருவியை வைத்து, நிமிடத்திற்கு ஒன்றாக 36 அளவீடுகள் எடுத்தோம். யாரும் நடமாடவில்லை, மின்விசிறியும் ஓடவில்லை. ஒவ்வோர் அளவீட்டையும் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதி, பலகையில் அதற்குரிய எண்ணின் மேல் அடுக்கச் செய்தேன். 17இன் மேல் ஒரு தாள். 18இன் மேல் மூன்று. 19இல் எட்டு, 20இல் பதினொன்று, 21இல் எட்டு, 22இல் நான்கு, 23இல் ஒன்று. பிள்ளைகள் சற்றுப் பின்னால் சென்று பார்த்தபோது பலகையில் ஒரு மணி கவிழ்ந்திருந்தது.

அந்த அறையின் காற்று நிமிடத்திற்கு நிமிடம் பெரிதாக மாறவில்லை. ஆனால் கருவியின் ஒளிக்கற்றையைக் கடக்கும் துகள்களின் எண்ணிக்கை சற்றுக் கூடும், சற்றுக் குறையும். உள்ளே இருக்கும் குட்டி விசிறியின் வேகம் இம்மியளவு மாறும். மின்சுற்றில் சிறு இரைச்சல் இருக்கும். இப்படிப் பல சிறு காரணங்கள், ஒன்றையொன்று சாராமல், சில கூட்டியும் சில கழித்தும் சேரும்போது பெரும்பாலானவை ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். எல்லாமே ஒரே பக்கம் இழுப்பது அரிது. அதனால்தான் நடுவில் குவியலும் ஓரங்களில் ஒன்றிரண்டும். சிறு காரணங்கள் கூடிச் சேரும் இடத்தில்தான் இயல்நிலை வளைகோடு பிறக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்; சற்று நேரத்தில் இது தேவைப்படும்.

அந்த வளைகோட்டிற்கு ஒரு கணக்கு உண்டு. சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்டவிலக்கத் தொலைவிற்குள் ஏறத்தாழ 68 விழுக்காடு அளவீடுகள் இருக்கும். இரண்டு திட்டவிலக்கத்திற்குள் 95 விழுக்காடு. மூன்றிற்குள் 99.7. எங்கள் ஒட்டுத்தாள்களின் சராசரி 20, திட்டவிலக்கம் 1.3. எண்ணிப் பார்த்தோம். ஒரு திட்டவிலக்கத்திற்குள் 36இல் 27, அதாவது 75 விழுக்காடு; கருவி முழு எண்களை மட்டுமே காட்டுவதால் சற்றுக் கூடுதல். இரண்டிற்குள் 34, அதாவது 94 விழுக்காடு. மூன்றிற்குள் எல்லாம். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கும் கைதட்டத் தோன்றியது.

ஒன்றை இங்கே கூறியாக வேண்டும். திட்டவிலக்கம் சிறிதாக இருப்பதால் கருவி உண்மையைக் கூறுகிறது என்று பொருளன்று. அது கூறியதையே திரும்பக் கூறுகிறது என்றுதான் பொருள். துகளின் மீது ஒளி பட்டுச் சிதறுவதை வைத்து அளக்கும் மலிவான கருவிகள், ஈரப்பதம் மிகுந்த அதிகாலையில் நீர் ஏறிப் பருத்த துகள்களைப் பார்த்து அதிகமாகக் காட்டும். எல்லா அளவீடும் ஒன்றுபோல் உயர்ந்துவிட்டால் திட்டவிலக்கம் வாய் திறக்காது. பக்கத்தில் ஒரு தரமான கருவியை வைத்து ஒப்பிட்டால்தான் அது தெரியும்.

இப்போது புகைமூட்டப் பத்து நாள்களுக்குத் திரும்புவோம். சராசரி 30. விலகல்கள் −15, −14, −12, −16, −13, −10, −6, +30, +66, −10. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6482. அதில் 4356 அந்த ஒரே 96இலிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். 9ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்டவிலக்கம் ஏறத்தாழ 27.

பாடம் நன்றாகப் புரிந்த ஒரு மாணவன் உடனே எழுந்து, "95 விழுக்காடு நாள்கள் 30க்கு இருபுறமும் 54க்குள் இருக்கும், சார்" என்றான். எங்கிருந்து எங்குவரை என்று கேட்டேன். "84இலிருந்து..." என்று தொடங்கியவன் நிறுத்திவிட்டான். மறுமுனை −24. காற்றில் பூச்சியத்திற்கும் கீழே தூசி இருக்க முடியுமா? வகுப்பே சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு மிகவும் பிடித்திருந்தது. எந்த அளவு பூச்சியத்திற்குக் கீழே போகமுடியாதோ, அதில் சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கத்தைக் கழிக்கும்போது குறையெண் வருமானால், அங்கே மணி வடிவம் இல்லை என்பதற்கு அதுவே முதல் அடையாளம். இரண்டாவது அடையாளம், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண். இங்கே நடுவெண் 19, சராசரியோ 30. மணி வடிவத்தில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே இடத்தில் நிற்கும். இப்படிப் பிரிந்து நின்றால், ஒரு பக்கம் நீண்ட வால் இருக்கிறது.

காரணம் என்ன? நூலகத்தில் சிறு காரணங்கள் கூடின. வெளியில் அவை பெருகுகின்றன. காற்றின் வேகம் பாதியானால் துகள் ஏறத்தாழ இருமடங்காகிறது. காற்று கலக்கும் படலத்தின் உயரம் பாதியானால் மேலும் இருமடங்கு. எங்கோ எரியும் காட்டின் புகை நம் பக்கம் திரும்பினால் இன்னும் சில மடங்கு. மடங்கு மேல் மடங்கு ஏறும்போது மேலே வெகுதூரம் போகலாம். கீழே பூச்சியத்தை நெருங்கலாமே தவிர தாண்டமுடியாது. அதனால் காற்றுத் தூய்மைக்கேட்டை ஆய்வோர் பெரும்பாலும் அளவீடுகளின் மடக்கையை எடுத்து, அதற்குச் சராசரியும் திட்டவிலக்கமும் காண்கிறார்கள். மடக்கை பெருக்கலைக் கூட்டலாக மாற்றிவிடும். கூட்டல் வந்தால் மணி வடிவமும் ஓரளவு திரும்பி வரும். எங்கள் பத்து எண்களுக்கு அப்படிச் செய்து மீண்டும் பழைய அளவிற்கு மாற்றினால் நடு அளவு 24, சிதறல் "1.9 மடங்கு". இரண்டு படி மேலே போனால் 86, இரண்டு படி கீழே வந்தால் 7க்குச் சற்றுக் குறைவு. குறையெண் போய்விட்டது, 96 எல்லைக்கு வெளியே தனித்து நிற்கிறது. இருந்தாலும் இதை முற்றாக நம்பிவிடக்கூடாது. உள்ளூர் வாகனப் புகை மட்டும் உள்ள நாள்களும், கடல் கடந்து புகை வந்த நாள்களும் இரு வேறு குடும்பங்கள். இரண்டையும் ஒரே வளைகோட்டில் அடைப்பது எப்படிச் செய்தாலும் சற்று நெருடும்.

எனக்கே வியப்பளித்த செய்தி ஒன்று இருக்கிறது. மூன்று திட்டவிலக்கத்திற்கு அப்பால் போன நாளை "அசாதாரண நாள்" என்று குறிக்கலாம் என எண்ணியிருந்தேன். 96ஐச் சோதித்தேன். 66ஐ 27ஆல் வகுத்தால் 2.4 சொச்சம்தான். மூன்றைத் தொடவில்லை! கணக்கு தவறோ என்று மீண்டும் போட்டேன். தவறில்லை. அந்த 96 தானே திட்டவிலக்கத்தை ஊதிப் பெரிதாக்கிவிட்டு, அதன் பின்னால் தானே ஒளிந்துகொள்கிறது. நீங்களே செய்து பாருங்கள்: ஒன்பது பூச்சியமும் ஒரு நூறும். சராசரி 10. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 8100ம் 900மாக 9000. 9ஆல் வகுத்தால் 1000; வர்க்கமூலம் 31.6. நூறின் விலகல் 90, அதை 31.6ஆல் வகுத்தால் 2.85. நூறுக்குப் பதில் ஒரு கோடியை வைத்தாலும் அதே 2.85தான். பத்து அளவீடுகளுக்குள் ஒன்றை, அதே பத்தின் திட்டவிலக்கத்தால் அளந்தால், அது ஒருபோதும் மூன்றைத் தாண்டாது. தன் வழக்கிற்குத் தானே சாட்சி சொல்வதைப் போன்றது இது.

மாற்று வழி எளிது. புதிய நாளைப் பழைய, அமைதியான நாள்களின் அளவுகோலால் அளக்கவேண்டும். ஏப்ரலின் சராசரி 20, திட்டவிலக்கம் 2.8. ஏழாம் நாளின் 24, சராசரியிலிருந்து ஒன்றரைத் திட்டவிலக்கம்கூட விலகவில்லை. அது சாதாரண நாள்தான். எட்டாம் நாளின் 60? விலகல் 40, வகுத்தால் 14 திட்டவிலக்கம். மணி வடிவம் சற்றுப் பிசகினாலும், பத்து நாள் மாதிரி மிகச் சிறியது என்றாலும், 14 என்பது எந்த ஐயத்திற்கும் இடம் தராது. 96 வருவதற்கு ஒரு நாள் முன்னரே அந்த எண் பலகையில் இருந்திருக்கிறது. நான் அதைப் பத்தோடு பதினொன்றாகக் கூட்டி வகுத்துக்கொண்டிருந்தேன்.

இதை அந்தத் தாயாரிடம் அடுத்த வாரமே சென்று கூறினேன். திட்டவிலக்கம் பற்றியெல்லாம் அவருக்கு விளக்கவில்லை. 60 வந்த அன்றே உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். "சரிங்க சார், இனிமே சொல்லிடுங்க" என்றார்.

அமைதியான நாள்களின் சராசரியும் திட்டவிலக்கமும் இப்போது வெண்பலகையின் மேல் மூலையில் எழுதப்பட்டுள்ளன. மூன்று மாதத்திற்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம்; அப்போது புகைமூட்ட நாள்களைச் சேர்ப்பதில்லை. அன்றன்றைய எண் மூன்று திட்டவிலக்கத்தைத் தாண்டினாலோ 35ஐத் தாண்டினாலோ, காலைச் சபைகூடலுக்கு முன் கழகத் தலைவி சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு அலுவலகத்திற்கு ஓடிவருவாள். அரசாங்கக் குறியீடு 100ஐத் தாண்டும்போது வெளிப்புற நடவடிக்கைகளை நிறுத்தும் விதி தனியே இருக்கிறது. எங்கள் வட்டம் அதற்கு மாற்றன்று. ஆஸ்துமா உள்ள ஏழு பிள்ளைகளின் பெற்றோருக்குப் புலனத்தில் ஒரு வரிச் செய்தி போவதற்கு அது போதுமானதாக இருக்கிறது.

ஏப்ரல் மாத அளவீடுகளையும் புகைமூட்ட நாள்களையும் பயிற்சித் தாளாகத் தயாரித்திருக்கிறேன். ஆறாம் ஆண்டுக் கணிதம் போதிக்கும் ஆசிரியர்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன். ஒன்பது பூச்சியமும் ஒரு நூறும் கொண்ட கணக்கு கடைசிக் கேள்வியாக இருக்கும். விடையைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.